படத்துக்குக் கீழே என்ன எழுத வேண்டும்?

ஏப்ரல் பாதி தாண்டியதும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களிலும் இன்ஸ்டாகிராமிலும் கோடைமுகாம் படங்கள் வரத் தொடங்கிவிடும். மஞ்சள் பின்னணி, சிரிக்கும் பிள்ளைகள், ஓரத்தில் ஒரு நீச்சல் குளம், கீழே ஐந்தாறு வரிகளில் ஒரு கேப்ஷன். கண் முதலில் படத்தில்தான் போய் நிற்கும். ஆனால் பிள்ளையை அனுப்பலாமா, பணம் கட்டலாமா என்ற முடிவைப் பெற்றோர் எடுப்பது கீழே இருக்கும் அந்த வரிகளை வைத்துத்தான். அதனால் முகாம் நடத்துகிறவர்கள் அவற்றை எழுதும்போதும், பெற்றோர் அவற்றைப் படிக்கும்போதும் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை ஒரு மாதிரியை வைத்தே பார்த்துவிடலாம்.

இப்படி ஒரு கேப்ஷன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான் எழுதியதுதான் என்றாலும் வருடா வருடம் நாம் எல்லோரும் படிப்பது இதைப் போன்றதைத்தான்:

“அதிரடிக் கோடைக் கொண்டாட்டம்! 25 வகைச் செயல்பாடுகள்! நீச்சல், சிலம்பம், ரோபோட்டிக்ஸ், ஓவியம், யோகா, இன்னும் பல! வயது 4 முதல் 14 வரை. அனுபவமிக்க பயிற்சியாளர்கள். 100% பாதுகாப்பு. கட்டணம் வெறும் ₹3,999 முதல். இடங்கள் குறைவு, முந்துங்கள்!”

முகாம் மதுரையில் ஒரு பள்ளி வளாகத்தில் நடக்கிறது. 2026 மே 4 முதல் 15 வரை, திங்கள் முதல் வெள்ளி, காலை 9:30 முதல் 12:30 வரை. இந்த விவரம் எதுவும் கேப்ஷனில் இல்லை. படத்தின் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கிறது. கேப்ஷனில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“வயது 4 முதல் 14 வரை” என்பதில் பெற்றோருக்குத் தேவையான தகவல் ஏதும் கிடையாது. நாலு வயதுப் பிள்ளைக்குக் கழிப்பறைக்குப் போகவே ஒருவர் துணை வேண்டும். பதினாலு வயதுப் பையன் பந்தை வீசும் வேகத்தில் அது அந்தக் குழந்தையின் முகத்தில் பட்டால் மூக்கு உடையும். இருவரையும் ஒரே கூடத்தில் வைத்து ஒரு முகாம் நடத்த முடியாது. நடத்துகிறவர்களும் உள்ளே குழுவாகப் பிரித்துத்தான் வைப்பார்கள். அந்தப் பிரிவையே வெளியே எழுதிவிட்டால் போதும்: 6 முதல் 8 வயது ஒரு குழு, 9 முதல் 12 வயது ஒரு குழு. கூடவே, எந்தத் தேதியில் அந்த வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். “மே 4 அன்று 6 வயது நிறைந்திருக்க வேண்டும்” என்று எழுதிவிட்டால், ஜூனில் பிறந்தநாள் வரும் பிள்ளையின் அம்மா போன் செய்து வாதாட வேண்டியிருக்காது. ஐந்து வயதுக்குக் கீழே சேர்ப்பதில்லை என்றால் அதையும் எழுதிவிடலாம். இல்லை என்று சொல்வதும் பெற்றோருக்கு உதவிதான். அவர்கள் வேறு இடம் தேடிக்கொள்வார்கள்.

வயதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று, எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள் என்பது. அமெரிக்க முகாம் சங்கம் பகல்நேர முகாம்களுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 6 முதல் 8 வயது வரை எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர், 9 முதல் 14 வயது வரை பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர். நம் ஊர் முகாம்களை அது கட்டுப்படுத்தாது, ஆனாலும் அளந்து பார்க்க ஒரு கோலாகப் பயன்படும். மதுரை முகாமில் சின்னவர் குழுவில் 24 பேர், பெரியவர் குழுவில் 20 பேர் என்றால் முதல் குழுவுக்கு மூன்று பேர், இரண்டாவதற்கு இரண்டு பேர், ஆக ஐந்து பேர் வேண்டும். இந்த ஐந்தில் சிலம்ப ஆசிரியரையும் ஓவிய ஆசிரியரையும் சேர்க்கக்கூடாது என்பது என் கருத்து. அவர்கள் கவனம் கற்பிப்பதில் இருக்கும். ஒரு பிள்ளை எழுந்து வாசல் பக்கம் போவதைப் பார்க்க வேறொருவர் வேண்டும்.

அடுத்து “25 வகைச் செயல்பாடுகள்”. இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பத்து நாள், தினம் மூன்று மணி நேரம், மொத்தம் 30 மணி நேரம். வந்து சேர்வது, தண்ணீர் குடிப்பது, தின்பண்டம், கழிப்பறை என்று தினம் அரை மணி நேரம் போய்விடும். மிச்சம் 25 மணி நேரம். 25 செயல்பாடுகள் என்றால் ஒன்றுக்குச் சரியாக ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்தில் சிலம்பக் கம்பை எப்படிப் பிடிப்பது என்று காட்டலாம். ரோபோட்டிக்ஸ் என்றால் பெட்டியைத் திறந்து உதிரிகளை அடுக்கிப் பார்க்கலாம். அதற்குள் மணி அடித்துவிடும். பிள்ளை வீட்டுக்கு வந்து “இன்னிக்கு ரோபோ பாத்தோம்” என்று சொல்லும், செய்தோம் என்று சொல்லாது.

இதே 25 மணி நேரத்தை ஐந்து செயல்பாடுகளுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு ஐந்து மணி நேரம் கிடைக்கும். அப்போது கேப்ஷனில் செயல்பாட்டின் பெயரை மட்டும் போடாமல், பிள்ளை கடைசியில் என்ன செய்திருக்கும் என்று எழுத முடியும். “களிமண்: ஒவ்வொருவரும் இரண்டு பொம்மை செய்து, காயவைத்து, வண்ணம் பூசி வீட்டுக்கு எடுத்துச் செல்வார்கள்.” “ரோபோட்டிக்ஸ்: இருவருக்கு ஒரு பெட்டி, மோட்டாரில் ஓடும் ஒரு வண்டி செய்வார்கள்.” இருவருக்கு ஒரு பெட்டியா, பத்துப் பேருக்கு ஒரு பெட்டியா என்பதில்தான் அந்த வகுப்பின் தரமே இருக்கிறது. பத்துப் பேருக்கு ஒன்று என்றால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று செய்யும், மற்ற ஒன்பதும் வேடிக்கை பார்க்கும்.

மே மாதத்தில் வெயிலையும் சொல்லாமல் விட முடியாது. முகாம் தொடங்கும் நாளை ஒட்டித்தான் அக்னி நட்சத்திரமும் தொடங்குகிறது. சிலம்பமும் ஓட்டமும் எத்தனை மணிக்கு, வெயிலிலா நிழலிலா என்று ஒரு வரி இருந்தால், “11 மணிக்கு மேல் திறந்தவெளியில் எதுவும் இல்லை” என்று ஒரு வாக்கியம் இருந்தால், நடத்துகிறவர் யோசித்துத்தான் நேரத்தை வகுத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

இனி பாதுகாப்பு. கேப்ஷன்கள் பெரும்பாலும் வாய் திறக்காத இடம் இதுதான். “100% பாதுகாப்பு” என்பதை யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. “சிசிடிவி கண்காணிப்பு” என்று சிலர் போடுகிறார்கள். கேமரா நடந்ததைப் பதிவு செய்யும், நடக்கவிடாமல் தடுக்காது. பிள்ளையைப் பாதுகாப்பது ஆள்தான். ஆகவே இந்த வரியில் ஆட்களைத்தான் எழுத வேண்டும்: யார், எத்தனை பேர், எங்கே நிற்பார்கள், என்ன தெரியும்.

நீச்சலில் இது உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு தாய் போனில் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“சார், தண்ணிக்குள்ள பிள்ளைங்களோட யார் நிப்பாங்க?”

“எல்லாம் கோச் பாத்துப்பாரு மேடம். பதினைஞ்சு வருஷ அனுபவம்.”

“அவர் சொல்லிக்குடுத்துட்டு இருக்கும்போது மத்த பிள்ளைங்களை யார் சார் பாப்பாங்க?”

இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் வர வேண்டும். பயிற்சியாளர் ஒரு பிள்ளையின் வயிற்றுக்கடியில் கை கொடுத்து மிதக்கக் கற்றுக்கொடுக்கும் நேரத்தில் அவர் முதுகுப் பக்கம் ஏழு பிள்ளைகள் இருக்கிறார்கள். தண்ணீரில் மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டிக் கத்தாது. மூச்சுக்கே வாய் திணறும்போது குரல் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் சத்தமே இல்லாமல் தலை உள்ளே போய்விடும். பக்கத்தில் விளையாடுகிற பிள்ளைக்கே தெரியாது. எனவே கற்றுக்கொடுக்கிறவர் வேறு, கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிற உயிர்காப்பாளர் வேறு. அவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை இருக்கக்கூடாது; துண்டு எடுத்துக் கொடுப்பதும், போட்டோ எடுப்பதும், போன் பேசுவதும் கூடாது. நீச்சல் தெரியாத பிள்ளைக்குக் கைநீட்டினால் எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் தண்ணீருக்குள் இருக்க வேண்டும்.

குளத்தின் ஆழத்தையும் அடிக்கணக்கில் எழுத வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய 115 சென்டிமீட்டர், அதாவது மூன்றே முக்கால் அடி. குடியிருப்புகளிலும் விடுதிகளிலும் உள்ள குளங்களில் 4 அடி ஆழத்தைப் பெரியவர்கள் ஆழம் குறைந்த பக்கம் என்பார்கள். நம் மார்பளவுக்கு நிற்கும் அந்தத் தண்ணீர் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தலைக்கு மேலே போய்விடும். “சின்னவர் குழுவுக்கு 2 அடிக் குளம் மட்டும்” என்று எழுத முடிந்தால் எழுதலாம். அப்படிக் குளம் இல்லை என்றால் அந்தக் குழுவுக்கு நீச்சலையே எடுத்துவிட வேண்டும்.

பாதுகாப்பின் அடுத்த பக்கம், முகாமில் வேலை செய்கிற ஆட்களைப் பற்றியது. சங்கடமான விஷயம்தான், ஆனாலும் சட்டமே பேசுகிறது. போக்சோ சட்டம் 2012இல் வந்தது. அதன் கீழ் 2020இல் வெளியான விதிகள், பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டுப் பயிற்சி மையம் மட்டுமல்லாமல், பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமும் தன் ஊழியர் ஒவ்வொருவரைப் பற்றியும் காவல்துறைச் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் செய்ய வேண்டும் என்கின்றன. நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர், கற்பிப்பவர், கற்பிக்காதவர் என்ற வேறுபாடு அதில் இல்லை. பத்து நாள் முகாமுக்கு எங்கிருந்தோ அழைத்துவரும் உதவியாளர்கள்தான் பெரும்பாலும் இந்தச் சரிபார்ப்பில் விட்டுப்போகிறவர்கள். வேன் ஓட்டுநரையும் கழிப்பறை சுத்தம் செய்கிறவரையும் சேர்த்து எல்லோரையும் சரிபார்த்திருந்தால், “ஊழியர், ஓட்டுநர் அனைவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்தது” என்று தைரியமாக ஒரு வரி எழுதலாம். முடியாமல் எழுதக்கூடாது. பெற்றோர் நேரில் வரும்போது அந்தச் சான்றுகளைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

மற்றவை சுருக்கமாகச் சொல்லிவிடக் கூடியவை. முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒருவர் முகாம் நேரம் முழுக்க இருப்பாரா? சின்னவர் குழுவுக்குக் கழிப்பறைத் துணைக்குப் பெண் ஊழியர் உண்டா? மருந்து, ஒவ்வாமை, வலிப்பு, ஆஸ்துமா பற்றிச் சேர்க்கைப் படிவத்தில் கேட்கிறார்களா? பிள்ளையை மாலையிலோ மதியத்திலோ யாரிடம் ஒப்படைப்பார்கள்? கடைசிக் கேள்விக்கு முகாம் ஒரு முறை வைத்திருக்க வேண்டும். படிவத்தில் பெயரும் புகைப்படமும் கொடுத்த இருவரைத் தவிர வேறு யார் வந்து, “அப்பா அனுப்பினாரு, நான் சித்தப்பா” என்று சொன்னாலும் பெற்றோருக்குப் போன் செய்யாமல் அனுப்பக்கூடாது. இதைக் கேப்ஷனில் போட்டுவிட்டால், வாசலில் வந்து கோபப்படும் உண்மையான சித்தப்பாவையும் சமாளிக்கலாம்.

கட்டணத்துக்கு வருவோம். “வெறும் ₹3,999 முதல்” என்பதில் “முதல்” என்ற சொல்லைக் கவனியுங்கள். அலுவலகத்தில் போய் உட்கார்ந்த பிறகு மற்றவை வரும். பதிவுக் கட்டணம் 500, பொருள்களுக்கும் டி-ஷர்ட்டுக்கும் 750. ஆக 5,249. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 945. மொத்தம் 6,194. வேன் வேண்டுமென்றால் அது தனியாக 1,500. எல்லாம் சேர்த்து 7,694. விளம்பரத்தில் கண்ட தொகையைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வேனை விட்டுவிட்டு, உண்மையாகச் செயல்பாட்டில் கழியும் 25 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 248 ரூபாய் ஆகிறது. 3,999ஐ 30ஆல் வகுத்தால் வந்திருக்கும் 133 ரூபாய்க்கும் இதற்கும் உள்ள இடைவெளியைப் பெற்றோர் மாதச் சம்பளத்திலிருந்து அடைக்க வேண்டும்.

6,194 ரூபாய் அதிகம் என்று நான் சொல்லவில்லை. ஐந்து பொறுப்பாளர்கள், தனியாக ஓர் உயிர்காப்பாளர், இருவருக்கு ஒரு பெட்டி என்று நடத்தினால் செலவு ஆகத்தான் செய்யும். அதை முதல் நாளிலேயே முழுத்தொகையாகச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் கோரிக்கை. “கட்டணத்துக்கு இன்பாக்ஸில் வாருங்கள்” என்பது அதைவிட மோசம்; தொகையைக் கேட்கும் முன்பே போன் எண்ணைக் கொடுக்க வைக்கிற ஏற்பாடு அது. பணத்தைத் திரும்பத் தருவதற்கான விதியையும் கட்டண வரியோடு சேர்த்தே எழுத வேண்டும். கோடையில் பிள்ளைகளுக்கு அம்மை போடும், காய்ச்சல் வரும். தொடங்குவதற்கு எத்தனை நாள் முன்பு சொன்னால் எவ்வளவு திரும்பும், நடுவில் உடம்புக்கு முடியாமல் நின்றால் என்ன ஆகும் என்று இரண்டு வரி போதும். கையில் பணம் இல்லாதவர்கள் மாவட்ட விளையாட்டு அரங்கங்களில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் கோடைக்காலப் பயிற்சிகளையும், அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் நடக்கும் கலை வகுப்புகளையும் முதலில் விசாரித்துப் பார்க்கலாம்.

இவ்வளவையும் ஒரு கேப்ஷனில் அடக்க முடியுமா என்று கேட்பார்கள். இன்ஸ்டாகிராம் ஒரு கேப்ஷனுக்கு 2,200 எழுத்துகள் வரை இடம் தருகிறது. ஆனால் விரித்துப் பார்க்காமல் கண்ணில் படுவது முதல் ஓரிரு வரிதான். அந்த வரிகளில் “அதிரடி”, “கொண்டாட்டம்” என்று போட்டுவிட்டால் வயதும் தேதியும் உள்ளே மறைந்துவிடும். வாட்ஸ்அப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. படம் கைமாறிக் கைமாறிப் போகும்போது கேப்ஷன் உதிர்ந்து படம் மட்டும் ஊர் சுற்றும். போன வருடப் படம் இந்த வருடம் வந்து சேரும். படத்திலேயே ஆண்டோடு தேதி, ஊர், முழுக் கட்டணம், தொலைபேசி எண் நான்கும் இருக்க வேண்டும்.

மதுரை முகாமின் கேப்ஷனை இப்படித் திருத்தி எழுதலாம். ஆட்களையும் ஏற்பாடுகளையும் அதற்கேற்ப மாற்றிய பிறகுதான், அதை மறக்கக்கூடாது:

“6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குக் கோடைமுகாம், மதுரை. 2026 மே 4–15, திங்கள்–வெள்ளி, காலை 9:30–12:30. முழுக் கட்டணம் ₹6,194.

வயது: 6–8 (24 இடம்), 9–12 (20 இடம்). மே 4 அன்று நிறைந்த வயது. 6 வயதுக்குக் கீழ் சேர்க்கை இல்லை.

செயல்பாடு: சிலம்பம், களிமண், ஓவியம், கதை–நாடகம் இரு குழுவுக்கும். 6–8க்குக் காகிதக் கைவேலை. 9–12க்கு ரோபோட்டிக்ஸ், இருவருக்கு ஒரு பெட்டி. நீச்சல் இல்லை. 11 மணிக்கு மேல் எல்லாம் கூரைக்குக் கீழ்.

பாதுகாப்பு: ஆசிரியர்கள் தவிர 5 பொறுப்பாளர்கள். முதலுதவி தெரிந்த ஒருவர் முழு நேரமும். சின்னவர்களுக்குக் கழிப்பறைத் துணைக்குப் பெண் ஊழியர். எல்லா ஊழியருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு. படிவத்தில் உள்ள இருவரிடம் மட்டுமே பிள்ளையை ஒப்படைப்போம். உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பிள்ளையின் படத்தைப் போட மாட்டோம்.

கட்டணம்: ₹6,194இல் பதிவு, பொருள், டி-ஷர்ட், ஜிஎஸ்டி அடக்கம். வேன் தேவையானால் ₹1,500. ஏப்ரல் 27க்குள் விலகினால் முழுப்பணமும், அதன் பிறகு பாதியும் திரும்பும். உடல்நலக் குறைவால் நடுவில் நின்றால் மீதி நாள்களுக்கான தொகை திரும்பும்.

நேரில் பார்க்க: ஏப்ரல் 25, சனி, காலை 10–12. பொறுப்பாளர் பெயர், எண்.”

நீச்சலை எடுத்துவிட்டதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வளாகத்தில் 4 அடிக் குளம்தான் உண்டு, கரையில் நிற்கத் தனி ஆளும் இல்லை என்றால் அதை விட்டுவிடுவதுதான் சரி. படத்திலிருந்தும் குளத்தை எடுத்துவிட வேண்டும். கேப்ஷனில் இல்லாததைப் படம் வாக்குக் கொடுக்கக் கூடாது.

சேர்க்கிற பெற்றோர் பணம் கட்டும் நாளில் இந்தப் படத்தையும் கேப்ஷனையும் தங்கள் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பதிவை நடத்துகிறவர் பிறகு திருத்தலாம், அழிக்கலாம். சொன்ன ஆள் இல்லை, சொன்ன பணம் திரும்பவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யும்போது கையில் இருக்க வேண்டியது அதுதான். பிள்ளை ஒருவரைப் பற்றிச் சொல்லும் விஷயம் மனத்துக்குச் சரியாகப் படவில்லை என்றால் அந்தப் புகாருக்கு 1915 அல்ல, 1098. அந்த எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.